பூனைக்கு வயிற்றில் நீர், விடாத காய்ச்சல்: எஃப்.ஐ.பி. என்று எப்போது சொல்லலாம்?

"என் ஆண் பூனைக்கு ஒன்பது மாசம் ஆகுது. பத்து நாளா காய்ச்சல் விட்டு விட்டு வருது. ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் மாத்தியும் போகல. இப்போ வயிறு உப்பிக்கிட்டே போகுது, ஆனா முதுகெலும்பு கைல தட்டுது. டாக்டர் எஃப்.ஐ.பி.யா இருக்கலாம்னு சொல்றார். கொரோனா ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ். அப்போ இது உறுதியா? சாதாரண இன்ஃபெக்‌ஷனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வீட்ல இன்னொரு பூனையும் இருக்கு."

எஃப்.ஐ.பி. என்பது ஃபீலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிட்டோனைட்டிஸ், பூனைக் கொரோனா வைரஸ் உருமாறி உண்டாக்கும் அழற்சி நோய். உங்கள் மருத்துவரின் சந்தேகம் நியாயமானது. வயது, காய்ச்சல், வயிறு, மெலிவு நான்கும் சேர்ந்து வந்தால் நானும் முதலில் அதைத்தான் நினைப்பேன். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பாசிட்டிவ் ரிப்போர்ட் இதை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தக்கூடியது வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும் நீர். அதை இன்னும் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கவில்லை என்றே நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. நான் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். உங்கள் பூனையைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை இங்கிருந்து சொல்ல மாட்டேன். எதை எதிலிருந்து எப்படிப் பிரித்தறிகிறோம், அதில் எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் விளக்குகிறேன். மருத்துவரிடம் அடுத்து என்ன கேட்பது என்பது அதிலிருந்து உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அந்த கொரோனா விஷயம். பூனைக் கொரோனா வைரஸ் என்பது பூனைகளின் குடலில் வாழும் ஒரு வைரஸ். மனிதர்களுக்கு வந்த கோவிட் வைரஸ் வேறு, இது வேறு. இது மனிதர்களுக்குத் தொற்றாது. பல பூனைகள் ஒன்றாக இருக்கும் இடங்களில் பெரும்பாலானவை இதை எப்போதாவது வாங்கிக்கொள்கின்றன. மலத்தில் வெளியேறும் வைரஸ் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்குள் போய்விடும். குட்டிக்கு இரண்டு நாள் வயிறு இளகலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கதை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நூறு பூனைகளுக்கு இந்தக் குடல் வைரஸ் வந்தால், பத்துக்கும் குறைவானவற்றில்தான் அது எஃப்.ஐ.பி.யாக மாறுகிறது.

மாறுவது அந்தப் பூனையின் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. குடல் செல்களில் பெருகிக்கொண்டிருந்த வைரஸில் மரபணு மாற்றங்கள் ஏற்பட்டு, மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகும் திறன் அதற்கு வந்துவிடுகிறது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்களே அதைச் சுமந்துகொண்டு உடம்பெங்கும் போகின்றன. அவை சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டி, அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. சுவர் கசிகிறது. புரதம் நிறைந்த ரத்த நீர் வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ இறங்குகிறது. நீங்கள் பார்க்கும் உப்பல் இதுதான். பின்னால் சொல்லப்போகும் எல்லாப் பரிசோதனைகளும் இந்த ஒரு காரணத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து தேடுகின்றன. கசிந்தது வெறும் தண்ணீரா, புரதமா? புரதம் என்றால் எந்தப் புரதம்? அதில் எந்த அணுக்கள் மிதக்கின்றன?

ஆன்டிபாடி பரிசோதனை ஏன் பதில் சொல்லவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். பூனை எப்போதோ கொரோனா வைரஸைச் சந்தித்திருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். சாதுவான குடல் வைரஸுக்கும் உருமாறிய வைரஸுக்கும் ஒரே ஆன்டிபாடிதான் உருவாகிறது. பல பூனைகளோடு வளர்ந்த, துள்ளி விளையாடும் ஒரு குட்டிக்கு இன்று இதே டெஸ்ட் எடுத்தால் அதற்கும் பாசிட்டிவ் வர வாய்ப்பு அதிகம். மறுபக்கமும் உண்டு. வயிற்றில் நீர் கோத்த எஃப்.ஐ.பி. பூனைகள் சிலவற்றில் ஆன்டிபாடி முழுவதும் வைரஸோடு பிணைந்துபோய், பரிசோதனை நெகட்டிவ் காட்டிவிடும். அதனால் அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்; முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இனி காய்ச்சல். பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பயந்துபோய் மேசையில் நிற்கும் பூனைக்கு 103 காட்டுவது சாதாரணம், அதை வைத்தே காய்ச்சல் என்று சொல்லிவிடக் கூடாது. எஃப்.ஐ.பி.யில் பெரும்பாலும் 103க்கும் 105க்கும் இடையே ஏறி இறங்கும். காலையில் பார்த்தால் 102, மாலையில் 104. நடுவில் ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டு உங்களை நம்ப வைக்கும், மறுநாள் மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

சாதாரண தொற்றுகளின் காய்ச்சல் அப்படி இழுத்துக்கொண்டே போவது குறைவு. வெளியே போய் சண்டை போட்டு வந்த பூனைக்குக் கடிபட்ட இடத்தில் சீழ் கட்டினால் 104, 105 கூட வரும். ஆனால் இரண்டு மூன்று நாளில் வால் அடியிலோ கன்னத்திலோ ஒரு வலிக்கும் வீக்கம் தெரியும். சீழை வெளியேற்றி ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு நாளில் பூனை சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும். பூனைச் சளிக்காய்ச்சல் என்றால் தும்மல், கண்ணில் அழுக்கு, வாய்ப்புண் என்று வெளியே தெரிகிற அடையாளம் இருக்கும். பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் வெள்ளையணு சரிவு என்று சில நாட்களுக்குள் நிலைமை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பொதுவாக, சாதாரண தொற்றுக்கு உடம்பில் ஒரு இடம் இருக்கும், சரியான மருந்துக்கு ஒரு பதிலும் இருக்கும். உங்கள் பூனையிடம் இரண்டும் இல்லை. ஆன்டிபயாடிக் மாற்றியும் காய்ச்சல் நிற்கவில்லை என்பது, நீங்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ஆனாலும் அது தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. தவறான ஆன்டிபயாடிக், ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி, உள்ளே மறைந்திருக்கும் சீழ், புற்றுநோய் எல்லாமே இதே போல் நடந்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. காய்ச்சல் குறையட்டும் என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள், கால் மாத்திரைகூட. பூனையின் கல்லீரலால் அதைப் பாதுகாப்பாக உடைத்து வெளியேற்ற முடியாது. சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் கெட்டுப்போய் பூனை இறந்துவிடக்கூடும். மருத்துவமனையில் போடும் காய்ச்சல் ஊசியையும் ஸ்டீராய்டையும் பற்றி இன்னொரு எச்சரிக்கை: அவை எஃப்.ஐ.பி. காய்ச்சலையும் ஓரிரு நாள் அடக்கிவிடும். "ஆன்டிபயாடிக் போட்டதும் காய்ச்சல் குறைந்தது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம், அதோடு வேறு என்ன ஊசி போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

வயிறு. எஃப்.ஐ.பி. வயிறு பொதுவாக வலிக்காது. கை வைத்து அழுத்தினால் பூனை அவ்வளவாக எதிர்க்காது, வயிறு தளதளவென்று இருக்கும். ஒரு பக்கம் லேசாகத் தட்டினால் மறுபக்கத்தில் வைத்த உள்ளங்கையில் அலை வந்து மோதும். வயிறு பெருக்கப் பெருக்க தோளும் தொடையும் இளைத்து, முதுகெலும்பு துருத்தும். எடை கூடியது போலத் தராசு காட்டும். உண்மையில் சதை குறைந்து நீர் கூடியிருக்கும். கொழுத்த பூனைக்கு முதுகிலும் சதை இருக்கும். குடற்புழு நிறைந்த குட்டிக்கு வயிறு உருண்டிருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது, புழு மருந்துக்குப் பிறகு வடிந்துவிடும். உங்களுடையது ஆண் பூனை என்பதால் இன்னொன்றை மட்டும் உடனே விலக்க வேண்டும்: சிறுநீர் அடைப்பு. அதில் அடிவயிறு கல் போல இறுகி, வலியோடு இருக்கும், லிட்டர் பாக்ஸில் முக்கி முக்கி ஒன்றும் வராது. அதற்கு மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. சிறுநீர் தாராளமாகப் போகிறதென்றால் அந்தக் கவலை வேண்டாம்.

வயிறு தொங்குமளவு நீர் இருக்கும்போது எடுப்பது எளிது. நீர் குறைவாக இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். மெல்லிய ஊசியில் சில மில்லி போதும். வயிற்றையே வடித்துக் காலி செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். போன நீர் சில நாட்களில் மறுபடி ஊறும், ஒவ்வொரு முறையும் பூனை புரதத்தை இழக்கும். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும்போது வடிப்பது வேறு விஷயம், அது உயிரைக் காப்பாற்றும்.

சிரிஞ்சில் வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். எஃப்.ஐ.பி. திரவம் வைக்கோல் மஞ்சளாக, பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு போல ஒட்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே தொட்டு விரித்தால் நூலாக இழுபடும். குலுக்கினால் நுரை நிற்கும். புரதம் மிகுந்திருப்பதன் அடையாளங்கள் இவை. பாக்டீரியா தொற்றால் வந்த நீர் கலங்கலாக, சில சமயம் நாற்றத்தோடு இருக்கும். அப்படிப்பட்ட பூனை வயிற்றைத் தொட விடாது, சில மணி நேரத்திலேயே மோசமாகும். இதயக் கோளாறால் கசியும் நீரில் புரதம் குறைவு. அது மெலிதாக, தண்ணீர் போல ஓடும். பூனைகளில் அது நெஞ்சில் சேர்வதுதான் அதிகம். பால் போல வெள்ளையாக வந்தால் நிணநீர் கசிவு. சிவப்பாக வந்து உறையாமல் இருந்தால் ரத்தக்கசிவு.

அடுத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியது ரிவால்டா சோதனை. மிகப் பழைய சோதனை, பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறக்குறைய 8 மில்லி காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அடர் அசெட்டிக் அமிலம், நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு பூனையின் வயிற்று நீரில் ஒரு சொட்டை மேற்பரப்பில் மெதுவாக விட வேண்டும். சொட்டு கரைந்து மறைந்து, குழாய் தெளிவாகவே இருந்தால் நெகட்டிவ். வடிவம் குலையாமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அல்லது முழுச் சொட்டாக மெதுவாக அடிக்கு இறங்கினால் பாசிட்டிவ். இதன் பலம் நெகட்டிவ் முடிவில்தான் இருக்கிறது: சொட்டு கரைந்துவிட்டால் எஃப்.ஐ.பி. இல்லை என்ற பக்கம் தராசு நன்றாகச் சாய்கிறது. பாசிட்டிவ் என்றால், திரவத்தில் புரதமும் அழற்சிப் பொருட்களும் மிகுதி என்று மட்டுமே பொருள். பாக்டீரியாவால் வயிற்றின் உட்சவ்வில் அழற்சி வரும் பெரிட்டோனைட்டிஸிலும், லிம்ஃபோமா என்ற புற்றுநோயிலும் பாசிட்டிவ் வரும்.

அதனால் சொட்டு நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. அதே திரவத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒருமுறை ஓர் இளம் பூனை இதே படத்தோடு வந்தது: காய்ச்சல், உப்பிய வயிறு, ரிவால்டா பாசிட்டிவ். வேறு இடத்தில் எஃப்.ஐ.பி. என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தகட்டில் பார்த்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவியல் குவியலாக, பாதி சிதைந்து, சிலவற்றின் உள்ளே பாக்டீரியா. குடலில் எதுவோ குத்தி ஓட்டை விழுந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு உரிய பூனை அது; வைரஸ் மருந்து அதற்கு ஒன்றும் செய்திருக்காது. எஃப்.ஐ.பி. திரவத்தில் புரதம் அவ்வளவு இருந்தும் அணுக்கள் வியப்பூட்டும் அளவு குறைவு. வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டரில் 5,000க்குக் கீழேதான், அவையும் சிதையாத நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும், பாக்டீரியா கிடையாது. நிறையப் புரதம், கொஞ்சம் அணு: இந்த முரண்பாடுதான் எஃப்.ஐ.பி.யைச் சாதாரண தொற்றிலிருந்து பிரிக்கும் மிக நல்ல கோடு.

ரத்தப் பரிசோதனையில் நான் முதலில் பார்ப்பது ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு ரத்தப் புரதங்களுக்கும் உள்ள விகிதம். நீண்ட அழற்சியில் குளோபுலின் ஏறும், ஆல்புமின் இறங்கும். ஆல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் வரும் எண் 0.4க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கிறது. 0.8க்கு மேலே என்றால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் விழுந்தால் இரண்டு பக்கமும் போகலாம், வேறு சான்று தேட வேண்டும். இதே கணக்கை வயிற்று நீரிலும் போடலாம். கூடவே லேசான ரத்தசோகை, லிம்ஃபோசைட் குறைவு, மஞ்சள் காமாலை ஆகியவையும் பல பூனைகளில் காணப்படும். காமாலையில் ஒரு விசேஷம்: காமாலையைத் தரும் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறியிருக்கும், ஆனால் கல்லீரல் என்சைம்கள் பெரிதாக ஏறியிருக்காது. கல்லீரலே முதன்மையாகக் கெட்டிருந்தால் என்சைம்களும் சேர்ந்தே உயர்வது வழக்கம்.

எண்கள் எப்படிச் சேர்ந்து பேசுகின்றன என்று ஒரு பூனையை வைத்துக் காட்டுகிறேன். ஏழு மாத ஆண், எடை 2.4 கிலோ. கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் கழித்து மந்தமானது. அறுவை சிகிச்சை, வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற அழுத்தங்களுக்குப் பின் நோய் தலைகாட்டுவது அடிக்கடி காணும் வரிசை. உங்கள் பூனைக்கும் அப்படி ஏதாவது நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வெப்பம் 104.2. ரத்தத்தில் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 8.6 கிராம்; அதில் ஆல்புமின் 2.2, மீதி 6.4 குளோபுலின். வகுத்தால் 0.34. பிலிருபின் 1.6, கல்லீரல் என்சைம் இயல்பு. வயிற்று நீர் மஞ்சள், இழுபடுகிறது, புரதம் 6.2, அணுக்கள் 2,300, பாக்டீரியா இல்லை. ரிவால்டா பாசிட்டிவ். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று நிரூபணம் ஆகாது. ஆனால் இந்த வயதில், இந்தக் காய்ச்சலோடு, இவை அத்தனையும் ஒரே திசையைக் காட்டும்போது வேறு நோயைக் கற்பனை செய்வதுதான் கடினமாகிறது. திரவத்தை பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பினோம், கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. நிறைய இருந்தது.

அந்த பி.சி.ஆர். உங்களுக்கும் தேவைப்படலாம். எதிலிருந்து எடுத்து அனுப்புகிறோம் என்பதுதான் முக்கியம். மலத்தில் பாசிட்டிவ் வந்தால் அது குடல் வைரஸாகவே இருக்கலாம், பயனில்லை. வயிற்று நீரில், மேலே சொன்ன குணங்களும் சேர்ந்திருந்து, பாசிட்டிவ் வந்தால் நான் நோயை ஏற்றுக்கொள்வேன். நெகட்டிவ் வந்தால் மட்டும் கைவிட மாட்டேன், ஏனென்றால் வைரஸ் அணுக்களுக்குள் இருக்கிறது, திரவத்தில் அணுக்கள் குறைவு, மாதிரியில் அகப்படாமல் போகலாம். முழு உறுதி வேண்டுமென்றால், திசுவை எடுத்து மேக்ரோஃபேஜுக்குள் வைரஸின் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி இருக்கிறது. ஆனால் காய்ச்சலில் துவளும் குட்டிக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறப்பது பல நேரம் சரியான பேரம் இல்லை.

ஏமாற்றக்கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். லிம்ஃபோசைட்டிக் கோலஞ்சைட்டிஸ் என்று பித்தக்குழாய்களில் வரும் ஓர் அழற்சி உண்டு. அதிலும் குளோபுலின் ஏறும், காமாலை வரும், வயிற்றில் புரதம் மிகுந்த மஞ்சள் நீர் சேரும். பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் பூனையின் நடத்தைதான்: அந்தப் பூனைகள் பல நேரம் காய்ச்சலின்றி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் மெதுவாகப் போகும். கல்லீரல் என்சைம்களும் ஏறியிருக்கும். வயதான பூனை என்றால் புற்றுநோயை முதலில் தேட வேண்டும். ஒன்பது மாதப் பூனைக்கு அந்தக் கவலை குறைவு, எஃப்.ஐ.பி. இரண்டு வயதுக்கு உட்பட்டவற்றில்தான் மிகுதி.

உலர் வகை என்று ஒன்றும் உண்டு, அதில் நீர் சேராது. கண்ணின் நிறம் மாறுவது, கண்ணுக்குள் கலங்கல், தள்ளாட்டம், வலிப்பு, வயிற்றில் பெருத்த நிணநீர்க் கணுக்கள் என்று வரும். கண்டுபிடிப்பது கடினம். உங்களுக்கு இப்போது அதில் தேவையானது ஒன்றுதான்: கண்ணையும் நடையையும் மருத்துவர் கவனமாகப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஈரமும் உலர்வும் ஒரே பூனையில் கலந்து வரும். கண்ணோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் மருந்தின் அளவு கூட வேண்டியிருக்கும்.

ஆம், மருந்து இருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு "நூற்றுக்கு நூறு மரணம்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது முன்பு உண்மையாக இருந்தது. 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர், இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளுக்கு ஜி.எஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 26 பூனைகள் குறைந்தது 12 வார சிகிச்சையை முடித்தன. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுப்பதை இந்த மருந்து தடுக்கிறது. ரெம்டெசிவிர் உடம்புக்குள் போய் மாறுவதும் இதுவாகத்தான். கண், நரம்பு பாதிப்பில்லாத ஈர வகைக்கு, வாய்வழியாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்பது இப்போது பரவலாகப் பின்பற்றும் அளவு. வழக்கமான காலம் 84 நாள். 2024இல் வெளியான மியூனிக் ஆய்வு ஒன்றில், நீர் கோத்த 40 பூனைகளில் பாதிக்கு 42 நாளும் மீதிக்கு 84 நாளும் கொடுத்துப் பார்த்ததில் குறுகிய காலமும் அதே அளவுக்குப் பலன் தந்தது. ஆனால் அது ரத்தத்தையும் ஸ்கேனையும் திரும்பத் திரும்பப் பார்த்து நடத்தப்பட்ட ஆய்வு. வீட்டில் பூனை தேறியது போலத் தெரிகிறதே என்று 42ஆம் நாளில் நீங்களாக நிறுத்துவதற்கு அது அனுமதி ஆகாது. சட்டப்படி எங்கே, எந்த வடிவில் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் மருத்துவர் வழியாகவே தேடுங்கள். அளவு எழுதாத சீசாவை வாங்கிக் கொடுத்தால், எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

முன்பு சொன்ன 2.4 கிலோ குட்டிக்கு 36 மில்லிகிராமில் தொடங்கினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. இரண்டாம் வார முடிவில் ஸ்கேனில் நீர் இல்லை. ஆறாம் வாரம் எடை 3.1 கிலோ, அதனால் அளவும் 46 மில்லிகிராமுக்கு மேலே ஏற வேண்டியிருந்தது. குட்டிகள் தேறும்போது வேகமாக எடை போடுகின்றன. அளவை ஏற்ற மறந்தால், நோய் திரும்பும் வாய்ப்பை நாமே கொடுக்கிறோம். குளோபுலின் கடைசியாகத்தான் இயல்புக்கு வந்தது. மருந்து தொடங்கி நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் அசையவில்லை என்றால் அளவு போதவில்லை, அல்லது நோய் வேறு. அப்போது நோயைக் கண்டறிந்த முறையையே மறுபடி திறந்து பார்க்க வேண்டும். பி.சி.ஆர். வசதியில்லாத இடங்களில், மற்ற சான்றுகள் சேர்ந்த பிறகு மருந்தைத் தொடங்கி இந்தப் பதிலையே சான்றாக எடுத்துக்கொள்வதும் நடைமுறையில் உண்டு. பாக்டீரியா பெரிட்டோனைட்டிஸை மைக்ரோஸ்கோப்பில் விலக்கியிருந்தால் மட்டும் அதை நான் ஏற்பேன்.

இன்னொரு பூனையைப் பிரித்து அறையில் அடைக்க வேண்டியதில்லை. ஒரே லிட்டர் பாக்ஸைப் பயன்படுத்தியிருந்தால் குடல் வைரஸ் அதற்கு ஏற்கெனவே போயிருக்கும். உருமாறிய வைரஸ் பொதுவாக ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்லை. 2023இல் சைப்ரஸில் பரவிய வகை இதற்கு விலக்கு. அது நாய்க் கொரோனா வைரஸின் பகுதியோடு கலந்து உருவாகி, பூனைக்குப் பூனை நேரடியாகப் பரவியது. உங்கள் இடத்தில் ஒரே சமயத்தில் பல பூனைகள் இப்படி நோயுறுவதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி, ஒவ்வொரு பூனைக்கும் தனி லிட்டர் பாக்ஸ், அதில் மலத்தைத் தினமும் அள்ளுவது, சாப்பாட்டுத் தட்டை அதிலிருந்து தள்ளி வைப்பது போதும். ஆரோக்கியமாக இருக்கும் பூனைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பணத்தையும் தூக்கத்தையும் தொலைக்காதீர்கள்.

நாளைக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது: வயிற்று நீரை எடுத்து, புரதமும் அணு எண்ணிக்கையும் பார்த்து, தகட்டில் பாக்டீரியா இருக்கிறதா என்று தேடி, ரிவால்டா செய்து, ரத்தத்தில் ஆல்புமின்–குளோபுலின் விகிதத்தைச் சொல்லுங்கள். எல்லாம் ஒத்துப்போனால் மீதி நீரை பி.சி.ஆர்.க்கு அனுப்பட்டும். முடிவு வரும் வரை ஸ்டீராய்டு தேவையா என்றும் கேளுங்கள். அது படத்தை மங்கலாக்கும், நோயைக் குணப்படுத்தாது. இதற்கிடையில் இன்றிரவு பூனை தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் காலை வரை பொறுக்கலாம். நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ நெஞ்சிலும் நீர் சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் விடியும் வரை காத்திருக்காமல், எந்த அவசர மருத்துவமனை திறந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள்.